MADURAI என்ற சொல்லின் தரம் 1464ஆ, 1487ஆ?

அண்ணாநகர் கணித ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மதுரை அண்ணாநகரில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு சொல்லின் எழுத்துகளை எல்லா வகையிலும் மாற்றி அடுக்கி, அவற்றை அகராதி வரிசையில் எழுதினால் அந்தச் சொல் எத்தனையாவது இடத்தில் வரும் என்று கேட்கும் கணக்கை நீங்கள் அறிவீர்கள். இந்த வாரம் MADURAI என்ற சொல்லைக் கொடுத்தேன். அதில் A இரண்டு முறை வருவதால் மொத்தம் 7!/2! = 2520 அடுக்குகள். இது வரையில் யாருக்கும் ஐயம் இல்லை.

என் கணக்கில் தரம் 1487 என்று வருகிறது. ஒரு மாணவி வைத்திருக்கும் வினா வங்கியின் விடைக்குறிப்பில் 1464 என்று அச்சாகியிருக்கிறது. வழிமுறை எதுவும் தரப்படவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தும் எனக்கு 1487தான் வருகிறது. ஆனால் அச்சில் உள்ளதைத் தவறு என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன்னால், எந்த இடத்தில் பிசகியிருக்கிறார்கள் என்பதைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். அது எனக்குப் பிடிபடவில்லை.

திருமங்கலம் வாசகர்

அம்மா, விடைக்குறிப்பு சரியாகத்தான் இருக்கிறது. நான் போட்டிருக்கும் முறையைப் பாருங்கள். முதலில் இரண்டு A-களையும் வெவ்வேறு எழுத்துகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். M-ஐ விடச் சிறிய எழுத்துகள் வலப்பக்கத்தில் A, D, A, I என நான்கு. ஆகவே 4 × 720 = 2880. இரண்டாவது இடத்தில் உள்ள A-வை விடச் சிறியது எதுவும் இல்லை. D-க்கு வலப்பக்கத்தில் ஓர் A இருக்கிறது, 1 × 24 = 24. U-வுக்கு மூன்று, 3 × 6 = 18. R-க்கு இரண்டு, 2 × 2 = 4. கடைசி A-க்கு ஒன்றும் இல்லை. கூட்டினால் 2926. இரண்டு A-களும் ஒன்றே என்பதால் 2!-ஆல் வகுக்க வேண்டும்; 1463. அதற்கு முன்னால் இத்தனை சொற்கள் உள்ளன என்பதால் ஒன்றைக் கூட்டி 1464.

இந்த முறையை நான் சோதித்தும் பார்த்திருக்கிறேன். கடைசியாக வர வேண்டிய URMIDAA என்ற அடுக்குக்கு இதே வழியில் போட்டால் 5038 வரும்; பாதி 2519, ஒன்று கூட்டினால் 2520. மொத்த எண்ணிக்கையோடு மிகச் சரியாகப் பொருந்துகிறது. DIMRUAA என்ற அடுக்குக்கு 873 வருகிறது, அதையும் கையால் சரிபார்த்தேன்.

உசிலம்பட்டித் தமிழாசிரியர்

அகராதி வரிசை என்று தலைப்பில் கண்டதால் வந்தேன். அந்த 2520 அடுக்குகளில் பெரும்பாலானவை எந்த அகராதியிலும் இல்லாத வெற்று எழுத்துக் கோவைகள் அல்லவா? பொருளுள்ள சொற்களை மட்டும் எண்ணினால் தரம் ஒன்றோ இரண்டோதானே வரும்? வினாவை எழுதியவர் எந்த அகராதியை மனத்தில் வைத்திருக்கிறார் என்று முதலில் தெரிய வேண்டாமா?

அண்ணாநகர் கணித ஆசிரியை

ஐயா, இந்தக் கணக்கில் பொருள் பார்ப்பதில்லை. இரண்டு கோவைகளில் எது முன்னால் வரும் என்பதை மட்டும் அகராதியைப் போலத் தீர்மானிக்கிறோம். முதல் எழுத்து வேறுபட்டால் அதைக் கொண்டும், ஒன்றாக இருந்தால் அடுத்த எழுத்தைக் கொண்டும். எழுத்துக் கோவைகள் அனைத்தும் கணக்கில் வரும்.

திருமங்கலம் ஐயா, உங்கள் முறை URMIDAA-க்குச் சரியாக வருவதைப் பார்த்து எனக்கே தயக்கம் வந்துவிட்டது. இரண்டு முறையும் சரியென்றால் விடை இரண்டு வரக்கூடாது.

ஒத்தக்கடையார்

நாற்பது ஆண்டுக் காலம் கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். விடை 1487. திருமங்கலம் நண்பரின் முறையில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஏமாற்றுகிறது. எங்கே ஏமாற்றுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

M-இல் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் A, D, I ஆகிய எழுத்துகளில் தொடங்குபவை வரும். A-இல் தொடங்கினால் மீதி A, D, I, M, R, U. அனைத்தும் வேறுவேறு, ஆகவே 720. D-இல் தொடங்கினால் மீதியில் இரண்டு A-கள் உள்ளன, ஆகவே 360. I-இல் தொடங்கினாலும் 360. மொத்தம் 1440. நண்பரின் 2880-இல் பாதியும் 1440தான். இந்த இடத்தில் இருவரும் ஒத்துப்போகிறோம்.

அடுத்து M எழுதிவிட்டோம், A-வும் எழுதிவிட்டோம். கையில் இருப்பவை A, D, I, R, U. கவனியுங்கள், இப்போது கையில் ஒரே ஓர் A மட்டும்தான் இருக்கிறது. இரட்டை என்ற நிலை முடிந்துவிட்டது. D-க்கு முன்னால் A வைத்து வரும் MAA என்ற தொடக்கத்துக்கு மீதி D, I, R, U என்ற நான்கும் வெவ்வேறு எழுத்துகள், ஆகவே 24 சொற்கள், ஒன்றுகூடக் குறையாமல். அந்த 24-ஐ இரண்டால் வகுக்க எந்தக் காரணமும் இல்லை. அதன் பின்வரும் 18-க்கும் 4-க்கும் அப்படியே. 1440 + 24 + 18 + 4 = 1486; நம் சொல் 1487ஆவது. விடைக்குறிப்பு கடைசி 46-ஐயும் சேர்த்துப் பாதியாக்கியதால் 23 குறைந்து 1464 ஆனது.

வகுத்தல் எப்போது செல்லும் என்றால், எண்ணிக்கை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு A-களும் இன்னும் கையிலேயே இருக்க வேண்டும். URMIDAA-விலும் DIMRUAA-விலும் இரண்டு A-களும் கடைசியில் நிற்கின்றன. அதனால்தான் அவருடைய சோதனைகள் இரண்டும் தப்பாமல் தேறின. சோதனைக்கு அவர் எடுத்த சொற்கள் இரண்டும் பிழை வெளிப்பட முடியாத சொற்களாக அமைந்துவிட்டன.

மாணவர்களுக்குக் காட்ட இதைவிடச் சிறிய சொல் ஒன்று போதும். A, A, B என்ற மூன்று எழுத்துகளில் ABA என்ற அடுக்கை எடுங்கள். AAB, ABA, BAA என்று மூன்றே அடுக்குகள்; தரம் 2 என்பது கண்ணுக்கே தெரிகிறது. வகுக்கும் முறையில் போட்டால் முன்னால் உள்ளவை 1/2 என்று வரும். அரைச் சொல் என்று ஒன்று கிடையாது.

செல்லூர் மாணவன்

வணக்கம் ஐயா. நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். 1464 தவறு என்பது புரிகிறது. ஆனால் விடை தெரியாத நிலையில், ஒருவர் 1464 என்று சொன்னால் அது தவறு என்று வேறு வழியில் கண்டுபிடிக்க முடியுமா?

ஒத்தக்கடையார்

முடியும் தம்பி. எண்ணைக் கொடுத்துச் சொல்லைத் திரும்பப் பெற்றுப் பாருங்கள். 1464ஆவது என்றால் முன்னால் 1463 சொற்கள் உள்ளன. A-இல் 720, D-இல் 360, I-இல் 360 என 1440 கழிந்து, மீதி 23 உடன் M-க்குள் நுழைகிறோம். MA என்று தொடங்குபவை 120. 23 அதற்குள் அடங்குகிறது, ஆகவே இரண்டாவது எழுத்து A. MAA என்று தொடங்குபவை 24. 23 அதற்குள்ளும் அடங்குகிறது, ஆகவே மூன்றாவது எழுத்தும் A. அந்த 24-இல் 23 கழிந்த பிறகு வருவது கடைசி அடுக்கு. D, I, R, U என்பவற்றின் கடைசி அடுக்கு URID. எனவே 1464ஆவது சொல் MAAURID. நமக்குக் கொடுத்த சொல் இதுவல்ல.

இதே முறையை ஒரே விதியாகவும் சொல்லலாம். கையில் உள்ள எழுத்துகளால் மொத்தம் எத்தனை அடுக்குகள் என்பதை எப்போதும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டிய எழுத்தைவிடச் சிறியவை கையில் எத்தனை உள்ளன என்று, இரட்டைகளையும் தனித்தனியாகச் சேர்த்தே எண்ணுங்கள். அந்த எண்ணால் பெருக்கி, கையில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கூட்ட வேண்டிய தொகை கிடைக்கும். முதல் இடத்தில் 2520 × 4 / 7 = 1440. M-ஐ எழுதிய பிறகு மொத்தம் 2520 × 1 / 7 = 360 ஆகிறது. A-வை எழுதும்போது கையில் இரண்டு A இருப்பதால் 360 × 2 / 6 = 120 ஆகிறது. D-யில் 120 × 1 / 5 = 24. இப்படியே போனால் வகுத்தல் தேவைப்படும் இடத்தில் தானாக நடக்கிறது, தேவையில்லாத இடத்தில் தானாக நின்றுவிடுகிறது. எங்கே 2!-ஆல் வகுப்பது என்ற கவலையே எழாது.

திருமங்கலம் வாசகர்

ABA கணக்கில் அரை வந்ததும் என் தவறு விளங்கிவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தேர்வறையில் மாணவர்கள் என் முறையில் தனித்தனியாக வைத்துப் போட்டு, ஒவ்வோர் உறுப்பையும் அந்த இடத்தில் கையில் மிஞ்சியிருக்கும் இரட்டைகளுக்கு ஏற்ப வகுத்தால் சரியாக வரும் அல்லவா? 2880-ஐ மட்டும் பாதியாக்கிவிட்டு மீதியை விட்டுவிட்டால் 1486 வருகிறது. முறையை முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

ஒத்தக்கடையார்

ஆம், அப்படிச் செய்தால் சரி. நான் சொன்ன விதியும் அதுவும் ஒன்றுதான். ஒரே ஒரு கவனம் தேவை. எந்த இடத்துக்கு எண்ணுகிறோமோ அந்த இடத்தின் எழுத்தை வைப்பதற்கு முன்னால் கையில் உள்ளவற்றைப் பார்க்க வேண்டும், வைத்த பிறகு உள்ளவற்றை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேலூர் நிரலாளர்

இந்த இழையைப் படித்ததும், இரண்டு நாட்களாக என்னை வாட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்கத் துணிகிறேன். தரம் கண்டுபிடிப்பது எனக்குத் தேவையில்லை. ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். எல்லாம் வெவ்வேறு எழுத்துகளாக இருந்தால் என் நிரல் சரியாக ஓடுகிறது. MADURAI-இன் எழுத்துகளை AADIMRU என்ற முதல் அடுக்கில் தொடங்கி ஓடவிட்டால், 2520 வரிகளுக்குப் பிறகு நிற்க வேண்டியது, நிற்கவே இல்லை. வெளியீட்டைப் பார்த்தால் ஒரு கட்டத்துக்கு மேல் DIMRUAA, DIMRAUA, DIMRUAA, DIMRAUA என்று இரண்டே சொற்கள் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன.

```python
def next_perm(a):
    i = len(a) - 2
    while i >= 0 and a[i] > a[i+1]:
        i -= 1
    if i < 0:
        return False
    j = len(a) - 1
    while a[j] <= a[i]:
        j -= 1
    a[i], a[j] = a[j], a[i]
    a[i+1:] = a[i+1:][::-1]
    return True
```

செல்லூர் மாணவன்

அண்ணா, `itertools.permutations` என்று பைத்தானிலேயே இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் போதாதா?

மேலூர் நிரலாளர்

முயன்று பார்த்தேன் தம்பி. அது எழுத்துகளின் மதிப்பைப் பார்ப்பதில்லை, அவை நிற்கும் இடங்களைத்தான் மாற்றுகிறது. அதனால் ஒவ்வொரு சொல்லும் இரண்டிரண்டு முறை வந்து 5040 வரிகள் கிடைக்கின்றன. எனக்கு ஒருமுறை மட்டும் வர வேண்டும், அதுவும் நடுவில் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஒத்தக்கடையார்

மேலூர் தம்பி, உங்கள் நிரலில் பிழை ஒரே ஒரு குறியில் இருக்கிறது. மூன்றாவது வரியில் `>` இருக்கும் இடத்தில் `>=` வர வேண்டும். ஆனால் குறியை மட்டும் மாற்றிவிட்டுப் போவதைவிட, ஏன் அப்படி என்று பார்த்துவிட்டால் இந்த முறை மறக்கவே மறக்காது.

அடுத்த சொல் என்றால் இந்தச் சொல்லைவிடப் பெரியவற்றுள் மிகச் சிறியது. எனவே இடப்பக்கத்தில் எவ்வளவு நீளத்தைத் தொடாமல் விடமுடியுமோ அவ்வளவையும் விட்டுவிட வேண்டும். வலப்பக்கத்துக் கோடியிலிருந்து இடப்பக்கமாக நடந்து வாருங்கள். எழுத்துகள் ஏறிக்கொண்டோ சமமாகவோ இருக்கும் வரையில், நீங்கள் கடந்துவந்த வால் பகுதி இருப்பவற்றுள் மிகப் பெரிய அடுக்காகவே இருக்கிறது. அந்த வாலுக்குள் என்ன மாற்றினாலும் சொல் பெரிதாகாது. முதன்முறையாக ஓர் எழுத்து தனக்கு வலப்பக்கத்து எழுத்தைவிடச் சிறியதாக இருக்கும் இடத்தில் நில்லுங்கள். அந்த எழுத்துதான் உயர வேண்டும். மிகக் குறைவாக உயர வேண்டும் என்பதால், வாலில் அதைவிடப் பெரியவற்றுள் மிகச் சிறியதோடு இடம் மாற்றுகிறோம். இடம் மாற்றிய பிறகும் வால் இறங்குவரிசையிலேயே இருக்கும். அதனால் வாலை மீண்டும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை, அப்படியே திருப்பிப் போட்டால் ஏறுவரிசையாகி மிகச் சிறிய வாலாகிவிடும்.

MADURAI-இல் கடைசி இரண்டு எழுத்துகள் A, I. A சிறியது, உடனே நிற்கிறோம். இடம் மாற்றினால் MADURIA, 1488ஆவது. அடுத்து MADURIA-வில் வலப்பக்கத்திலிருந்து A, I, R, U என்று ஏறிக்கொண்டே வந்து D-யில் நிற்கிறோம். U, R, I, A என்ற வாலில் D-ஐவிடப் பெரியவற்றுள் சிறியது I. மாற்றினால் MAIURDA, வாலைத் திருப்பினால் MAIADRU, 1489ஆவது. தரத்தைக் கையால் போட்டுச் சரிபார்க்கலாம்: 1440 + 48 = 1488 முன்னால் உள்ளன.

இப்போது உங்கள் DIMRUAA-வைப் பாருங்கள். கடைசி இரண்டும் A. ஒன்றைவிட மற்றொன்று பெரியது அல்ல என்பதால் உங்கள் முதல் மடக்கு அங்கேயே நின்றுவிடுகிறது, சமமான எழுத்தை உயர்த்த முடியும் என்று தவறாக நம்பி. அடுத்த மடக்கு வாலில் அதைவிடப் பெரியதைத் தேடுகிறது. வாலில் அப்படி எதுவும் இல்லாததால் வாலையும் தாண்டி, நின்ற இடத்தையும் தாண்டி, இடப்பக்கத்தில் U வரையில் போய்விடுகிறது. U-வும் A-வும் இடம் மாறி DIMRAUA ஆகிறது. இது 872ஆவது சொல். 873-இலிருந்து பின்னால் போய்விட்டீர்கள். DIMRAUA-வில் சமமான எழுத்துகள் வழிமறிப்பதில்லை, எனவே நிரல் சரியாக DIMRUAA-வுக்கு வருகிறது. மீண்டும் பின்னால் போகிறது. அதுதான் முடிவில்லாத ஆட்டம். உங்கள் வெளியீட்டில் 873ஆவது வரி வரையில் எல்லாம் சரியாக இருந்து, 874ஆவது வரியில்தான் குலைந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஏனென்றால் AA என்று முடியும் முதல் சொல் அதுதான்.

`>=` என்று மாற்றினால் சரியான அடுத்த சொல் கிடைக்கும். A, A, U என்று நடந்து R-இல் நிற்கும். U-வோடு மாற்றி, வாலைத் திருப்பினால் DIMUAAR.

இந்த வழிமுறையை நம் நாட்டில் நாராயண பண்டிதர் 14ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவருடைய கணித கௌமுதி 1356இல் எழுதப்பட்டது. இன்றைக்கு C++ மொழியில் `std::next_permutation` என்ற பெயரில் எல்லோரும் பயன்படுத்துவது இதே கருத்துத்தான்.

மேலூர் நிரலாளர்

ஐயா, கோப்பை எடுத்துப் பார்த்தேன். 873ஆவது வரி DIMRUAA, 874ஆவது வரியில் DIMRAUA. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. குறியை மாற்றியதும் 2520 வரிகளில் நின்றுவிட்டது, 1487ஆவது வரியில் MADURAI இருக்கிறது. ஆசிரியை அம்மாவின் விடைக்கு இதையும் ஒரு சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் விதியைக் கொண்டு தரம் காணும் நிரலும் எழுதினேன். முதலில் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்கியதால், கையில் A, A என்று இரண்டு மட்டும் மிஞ்சும் இடத்தில் மொத்தம் 1 // 2 என்று சுழியாகிவிட்டது. முதலில் பெருக்கிவிட்டுப் பிறகுதான் வகுக்க வேண்டும் என்று அறிந்துகொண்டேன். எங்கள் அலுவலகத்தில் இதை C++ மொழிக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அங்கே எத்தனை எழுத்துகள் வரை தாங்கும்?

ஒத்தக்கடையார்

64 இருமங்கள் கொண்ட முழு எண்ணில் 20! அடங்கும், 21! அடங்காது. நீங்கள் முதலில் பெருக்குவதால் அந்த எல்லை இன்னும் சற்று முன்னாலேயே வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த அடுக்கைக் காண்பதில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எந்தப் பெரிய எண்ணும் வருவதில்லை, எழுத்துகளை ஒப்பிடுவது மட்டும்தான்.

உசிலம்பட்டித் தமிழாசிரியர்

முதலில் வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியமைக்கு வருந்துகிறேன். இப்போது தெளிவாகிவிட்டது, அதனால் எங்கள் பள்ளிக்கு இதைத் தமிழில் கொண்டுபோக ஆசைப்பட்டேன். மீனாட்சி என்ற பெயரை எடுத்தேன். மீ, னா, ட், சி என்று நான்கு எழுத்துகள், 24 அடுக்குகள். நம் நெடுங்கணக்கின்படி சி, ட், மீ, னா என்பதே வரிசை. மீ-க்கு முன்னால் இரண்டு எழுத்துகள், 2 × 6 = 12. னா-வுக்கு முன்னால் கையில் இரண்டு, 2 × 2 = 4. ட்-க்கு முன்னால் சி மட்டும், 1. மொத்தம் 17, மீனாட்சி 18ஆவது.

என் அண்ணன் மகன் கணினியில் போட்டு 24 என்கிறான். இதுவே கடைசி அடுக்கு, இதற்கு மேல் அடுத்தது இல்லை என்று நிரல் சொல்லிவிட்டதாம். எது சரி?

மேலூர் நிரலாளர்

உங்கள் கணக்குத்தான் சரி ஐயா. கணினி எழுத்துகளை அவற்றின் யூனிகோடு எண்ணைக் கொண்டு ஒப்பிட்டிருக்கிறது. அதில் ன என்பது ந-வுக்கு அடுத்தும் ப-வுக்கு முன்னாலும் வைக்கப்பட்டிருக்கிறது. நெடுங்கணக்கில் அது கடைசி. ஆகவே கணினிக்கு சி, ட், னா, மீ என்பதே வரிசை, மீ-யே மிகப் பெரியது. 3 × 6 + 2 × 2 + 1 = 23, அதனால் 24. புள்ளி எழுத்திலும் இதே தொல்லை உண்டு. நம் அகராதியில் க் என்பது க-வுக்கு முன்னால் வரும், கணினியிலோ அது கௌ-வுக்கும் பின்னால் போய்விடும்.

உங்கள் பிள்ளை எழுத்துகளாகப் பிரித்துத்தான் போட்டிருக்கிறார், அதுவே நல்லது. பிரிக்காமல் அப்படியே கொடுத்திருந்தால் ம, ஈகாரக் குறி, ன, துணைக்கால் என்று எட்டுத் துண்டுகளாகி 40320 வரிகள் வந்திருக்கும், அவற்றுள் பெரும்பாலானவை படிக்கவே முடியாதவை. சி, ட், மீ, னா ஆகியவற்றுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுத்துவிட்டு, எண்களை மட்டும் நிரலுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மீனாட்சி 3, 4, 2, 1 ஆகும். அடுத்தது 4, 1, 2, 3, அதாவது னாசிட்மீ, 19ஆவது.

அண்ணாநகர் கணித ஆசிரியை

நேற்று மாலை வகுப்பில் ஏழு அட்டைகளில் எழுத்துகளை எழுதி, MAAURID என்ற அடுக்கில் தொடங்கி ஒவ்வொரு மாணவரும் ஓர் அடுத்த அடுக்கை அமைக்கும்படி சொன்னேன். முதல் மாணவி MADAIRU என்று வைத்தாள், அது 1465. அங்கிருந்து இருபத்திரண்டாவது மாற்றத்தில் MADURAI வந்து சேர்ந்தது. வினா வங்கி வைத்திருந்த மாணவியே எண்ணினாள். நடுவில் ஒரு பையன் வாலைத் திருப்ப மறந்ததால் ஐந்து சொற்கள் தவறிப்போய், மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. அந்தத் தவறு நடந்ததும் நல்லதே. திருப்பாமல் விட்டால் இடையில் உள்ள சொற்கள் தாண்டப்படுகின்றன என்பதை அட்டைகளிலேயே எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

மீனாட்சி கணக்கையும் அடுத்த வாரம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

உசிலம்பட்டித் தமிழாசிரியர்

கொடுங்கள் அம்மா, ஆனால் ஒரு மனக்குறை எனக்கு இன்னும் தீரவில்லை. தமிழில் ட் என்ற மெய்யும், னா என்ற உயிர்மெய்யும் சொல்லுக்கு முதலில் வாரா. அந்த இரண்டையும் விலக்கினால் சி-யில் ஆறு, மீ-யில் ஆறு என்று பன்னிரண்டே அடுக்குகள் மிஞ்சும். மீனாட்சி அவற்றுள் பன்னிரண்டாவது, அதாவது கடைசி. இன்னும் போனால் ட் சொல்லின் இறுதியில் நில்லாது, அதை அடுத்து மீ-யோ னா-வோ வாராது. அதையும் பார்த்தால் மீட்சினா, மீனாட்சி என்று இரண்டே மிஞ்சுகின்றன, மீனாட்சி இரண்டாவது. 18 என்று பலகையில் எழுத என் கை வரவில்லை.

ஒத்தக்கடையார்

உங்கள் மனக்குறை நியாயமானதே. ஆனால் அந்த விலக்குகளை ஏற்றால் காரணீயப் பெருக்கத்தைக் கொண்டு எண்ணும் இந்த முறையே செல்லாது. ஓர் எழுத்தை வைத்த பிறகு மிஞ்சியவற்றை எத்தனை வகையில் அடுக்கலாம் என்பது, வைத்த எழுத்து எது என்பதையும் பொறுத்ததாகிவிடும். நான்கு எழுத்துகளுக்குக் கையால் எண்ணிவிட்டீர்கள். பத்து எழுத்துகளுக்கு, எந்த எழுத்துக்குப் பின் எது வரலாம் என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொடக்கத்துக்கும் தனியாக எண்ண வேண்டியிருக்கும். வினாவில் எல்லா அடுக்குகளும் என்று எழுதினால் விடை 18. சொல்லாகக்கூடிய அடுக்குகள் என்று எழுதினால் விடை வேறு, கணக்கும் வேறு.

உசிலம்பட்டித் தமிழாசிரியர்

எழுத்துகளின் அடுக்கு என்று எழுதினால் 18-ஐ ஏற்கிறேன். சொற்களின் வரிசை என்று எழுதினால் ஏற்க மாட்டேன்.